மறுபடி தூங்க எத்தனை நிமிடம்?

கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய கணக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. என் தங்கையின் மகள் பிறந்த பத்தொன்பதாம் நாள் இரவில் எழுதியது. தலைப்பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ராத்திரி முறைக்கு ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். “பாப்பா ராத்திரியெல்லாம் தூங்கவே மாட்டேங்குதுக்கா” என்று அவள் அழாத குறையாகச் சொன்னதால், தூங்கவில்லை என்றால் எவ்வளவு நேரம் தூங்கவில்லை என்று குறித்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

அன்றைய கணக்கு இது. 9.50-க்குத் தூங்கியது. 11.20-க்கு எழுந்து, மறுபடி தூங்க 12.30 ஆனது. 2.05-க்கு எழுந்தது, தூங்கும்போது 3.45. அப்புறம் 5.10 முதல் 5.50 வரை. மொத்தம் மூன்று முறை விழிப்பு, மூன்றரை மணி நேரம் முழிப்பு.

இந்த இரண்டு எண்களில் முதலாவதை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும், இரண்டு மூன்று மணி நேரத்தில் பசிக்கும். இரவு பகல் என்ற வித்தியாசமும் அதற்கு இன்னும் தெரியாது. இருட்டினால் உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு வயிற்றில் இருக்கும்வரை அம்மாவிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்தது. தானாக அதை ஒழுங்காகச் சுரக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பகலெல்லாம் தூங்கி ராத்திரி ஒரு மணிக்குக் கொட்டக் கொட்ட முழித்துப் பார்ப்பது பிடிவாதமும் இல்லை, உரம் விழுந்ததும் இல்லை. முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி உருட்டினாலும் கடிகாரம் முளைக்காது.

பிறந்த எடையை எட்டும்வரை விழிப்பைக் குறைக்கப் பார்ப்பதே தப்பு. முதல் சில நாளில் குழந்தை கொஞ்சம் எடை இழக்கும். பத்து, பதினான்கு நாளில் அதை மீட்டுவிடும். அதுவரை மூன்று மணி நேரம் தாண்டித் தூங்கினால் நாம்தான் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். எங்கள் பாப்பா இந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தாள்.

இரண்டாவது எண்ணில்தான் வேலை இருந்தது. 2.05-க்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். குழந்தை முனகியது, முகத்தைச் சுளித்தது, காலை உதறியது. கண் திறக்கவில்லை. தங்கை பதறித் தூக்கினாள். அம்மா டியூப்லைட்டைப் போட்டார். பால் குடித்துக் கண் சொருகும் நேரத்தில் துணி மாற்றினார்கள், பாப்பா வீறிட்டது. பிறகு ஆட்டி, பாட்டுப் பாடி, தோளில் போட்டு நடந்து, கண் மூடியதும் படுக்கையில் கிடத்தினால் திரும்பவும் அழுகை.

பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, மேலோட்டமான ஆட்டத் தூக்கம். இமைக்குள் விழி உருளும், சிரிக்கும், சிணுங்கும், மூச்சு சீரில்லாமல் போகும். இதை விழிப்பு என்று நினைத்துத் தூக்கினால் நாமே எழுப்பிவிட்ட கணக்கு. பெரியவர்கள் தூக்கத்துக்குள் போவது அமைதியான தூக்கத்தின் வழியாக. இவர்கள் போவது இந்த ஆட்டத் தூக்கத்தின் வழியாக. அதனால்தான் கண் மூடிய உடனே கிடத்தினால் எழுந்துவிடுகிறார்கள். பதினைந்து இருபது நிமிடம் போனால் முகம் அசையாது, மூச்சு ஒரே தாளத்தில் வரும், கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரித் தொய்ந்து விழும். அதுதான் கிடத்தும் நேரம்.

மறுநாளிலிருந்து செய்தது கொஞ்சம்தான். டியூப்லைட்டுக்குப் பதில் ஜீரோ வாட் பல்பு. முனகினால் உடனே தூக்காமல் கொஞ்சம் காத்திருப்பது; நிஜப் பசி என்றால் தலையைத் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். ஈரத்துணியைப் பால் முடிந்த பிறகு மாற்றாமல், ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மாற்றி மறுபக்கம் கொடுப்பது. ராத்திரியில் பேச்சு, கொஞ்சல் கிடையாது. கை தொய்ந்த பிறகு முதலில் பிட்டத்தை, பிறகு முதுகை, கடைசியில் தலையை இறக்குவது. தலை முதலில் இறங்கினால் விழுவதுபோல் திடுக்கிட்டுக் கையை விரிக்கும். பகலில் இதற்கு நேர்மாறு: ஜன்னலைத் திறந்து வைத்து, குக்கர் விசிலுக்கும் டிவிக்கும் நடுவிலேயே தூங்கவிட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் எழுப்பிப் பால் கொடுப்பது.

படுக்க வைக்கும் விதத்தில்தான் அம்மாவோடு மோதல் வந்தது.

“என்னடி, எப்பப் பாத்தாலும் மல்லாக்கவே போட்டு வெச்சிருக்க? பால் எதுக்களிச்சா புரையேறிடாதா? குப்புறப் போடு, நல்லா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும்.”

அம்மா சொன்னதில் பாதி உண்மை. குப்புறப் போட்டால் குழந்தை ஆழ்ந்து தூங்கும், எளிதில் விழிக்காது. ஆபத்தே அதுதான். முகம் மெத்தையில் புதைந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், உயிர்க்காற்று குறையும். அப்போது மூளை உலுக்கி எழுப்ப வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், அழ வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தில் சில குழந்தைகளுக்கு அந்த விழிப்பு வருவதில்லை. நாம் சலித்துக்கொள்ளும் அந்த விழிப்புதான் குழந்தையின் காவல்.

இது பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம். 1950-களின் இறுதியிலிருந்து மேற்கு நாடுகளில் டாக்டர்களே குப்புறப் போடச் சொன்னார்கள், அம்மா சொன்ன அதே புரையேறும் பயத்தால். காரணம் தெரியாமல் தொட்டிலிலேயே குழந்தைகள் இறந்தன. படுக்கும் நிலைக்கும் இதற்கும் தொடர்பு தெரிந்து, பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கியது. அதன் பிறகு அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. புரையேறிச் செத்த குழந்தைகள் கூடவில்லை.

ஏன் கூடவில்லை என்று அம்மாவுக்குக் கையை வைத்துக் காட்டினேன். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. எதுக்களித்த பால் கீழேதான் தங்கும், மேலே ஏறி மூச்சுக்குழாயில் நுழைவது கஷ்டம். குழந்தை அதை விழுங்கிவிடும், இல்லை கக்கிவிடும். குப்புறப் போட்டால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. ஒருக்களித்தால் நடுவழி என்று நினைக்க வேண்டாம், அரை உருட்டலில் குப்புற விழுந்துவிடும். குப்புறப் போடுவது விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம். கழுத்து வலுப்படும், பின்மண்டை தட்டையாவதும் குறையும். அதற்காகக் கடுகுத் தலையணை வேண்டாம். எந்தத் தலையணையும் வேண்டாம்.

படுக்கையைத் தேடியபோது வீட்டில் கடைசி இடத்தில் இருந்ததுதான் முதல் இடத்துக்கு வந்தது: கோரைப்பாய். அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தை உட்கார்ந்தாலே குழியும். சீர் கொண்டுவந்தவர்கள் கொடுத்த குடைக் கொசுவலையில் மெத்தென்ற படுக்கை, அதைவிட மெத்தென்ற தலையணை, இரண்டு பக்கமும் உருளை. வலையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பாயின் மேல் பழைய வேட்டியை நாலாக மடித்து இழுத்துச் செருகினால் தட்டையான, கெட்டியான இடம். தங்கையின் படுக்கைக்குக் கை எட்டும் தூரத்தில் அது. ஒரே அறை, தனிப் படுக்கை. எடை குறைந்து, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கும், குடித்தோ புகைத்தோ வருபவர் படுக்கும் இடத்திலும் இந்தத் தனிப் படுக்கை விஷயத்தில் தளர்வே கூடாது. பால் கொடுக்கும்போது தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் சோபாவில் மட்டும் உட்காரக் கூடாது. அதன் இடுக்கில் குழந்தை சரிவதுதான் எல்லாவற்றிலும் மோசம். முதல் வாரத்தில் தங்கை அப்படி ஒரு முறை கண்ணயர்ந்திருக்கிறாள். எனக்கு அவள் அதைச் சொன்னதே பிறகுதான்.

தூளியைப் பற்றிச் சொல்ல எனக்கே கை வரவில்லை, நானும் தூளியில் வளர்ந்தவள். ஆனாலும் புடவைத் தூளி வளைந்து தொங்குகிறது. கழுத்து நிற்காத குழந்தையின் தாடை மார்பில் மடிந்தால், மெல்லிய மூச்சுக்குழாய் மடக்கிய ரப்பர் குழாய் மாதிரி ஆகிவிடும். துணியும் முகத்தின் மேல் கூடிக்கொள்ளும். பகலில் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஆட்டி, தூங்கியதும் தட்டையான இடத்துக்கு மாற்றினோம். ராத்திரியில் தூளி இல்லை. அம்மாவுக்கு இதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

சூடும் ஒரு சங்கதி. எங்கள் ஊர் வெயிலில் குல்லாவும் சாக்ஸும் போர்வையும் போட்டு மூடியிருந்தார்கள். கை கால் சில்லென்று இருப்பதை வைத்துக் குளிர் என்று முடிவு செய்யக் கூடாது, குழந்தைகளுக்கு அது இயல்பு. பின்கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேர்த்திருந்தால் துணி அதிகம். பருத்திச் சட்டை ஒன்று போதும், ஃபேன் ஓடலாம், தூங்கும்போது குல்லா வேண்டாம். எடை குறைந்த குழந்தைக்கு மட்டும் டாக்டர் சொல்வதே கணக்கு. சாம்பிராணிப் புகை அறைக்குள் வேண்டாம்.

தூக்கம் சந்தேகத்துக்கு உரியதாகும் நேரங்களும் உண்டு. எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது, விலா உள்ளிழுப்பது, உதடு நீலமாவது, 100.4 டிகிரிக் காய்ச்சல், கண்ணும் வயிறும் மஞ்சளாகி மந்தமாக இருப்பது, நாளுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தூக்கத்தில் ஐந்தாறு விநாடி மூச்சு நின்று மறுபடி தொடர்வது இயல்பு. இருபது விநாடி நின்றால் ஆஸ்பத்திரி.

இரண்டு வாரம் கழித்து எடுத்த கணக்கு: 11.50 முதல் 12.20, 2.40 முதல் 3.15, 5.20 முதல் 5.45. அதே மூன்று விழிப்பு. மொத்த முழிப்பு ஒன்றரை மணி நேரம். வயது இரண்டு வாரம் கூடியதும் இதில் ஒரு பங்கு, எல்லாம் ஜீரோ வாட் பல்பின் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆறாவது வாரத்தில் சாயங்கால அழுகை உச்சத்துக்குப் போய் எங்கள் கணக்கையெல்லாம் கலைத்தது. அந்த வயதில் அது வந்து தானாகவே தணிவது. “பக்கத்து வீட்டுக் குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்குது” என்று யாராவது சொன்னால், பல ஆய்வுகளில் ‘ராத்திரி முழுக்க’ என்பது நள்ளிரவு முதல் ஐந்து மணிவரைதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வயதிலும் ராத்திரி எழும் குழந்தைகள் ஏராளம்.

மூன்று மாதம் முடியும் தறுவாயில் தங்கை போனில் ஒரு வரி அனுப்பினாள்: “12.40 முதல் 4.55.” உடனே இன்னொன்று: “மூணு மணிக்கு நானே எழுந்து, பாப்பா வயிறு ஏறி இறங்குதான்னு பாத்துட்டுப் படுத்தேன். மார் கட்டிப்போச்சுக்கா.”