மருந்துக்கடையில் பார்கோடு: ஸ்கேனர் காப்பது எதை, காணாதது எதை?

பெங்களூரு: மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை ஸ்கேனரின் முன் காட்டியதும் ஒரு சிறிய ஒலி எழுகிறது, கணினித் திரையில் மருந்தின் பெயரும் விலையும் தோன்றுகின்றன. சரியான மருந்துதான் கைக்கு வருகிறது என்று நோயாளி நிம்மதி அடைகிறார். ஆனால், அந்த ஒலி உறுதி செய்வது எதை என்பது, ஸ்கேனர் எந்தக் கட்டத்தில் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிவிக்கை, மருந்து விதிகளில் 'எச்2' என்ற அட்டவணையைச் சேர்த்தது. அதிகம் விற்பனையாகும் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு இருப்பதை அது கட்டாயமாக்கியது. 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரிக்கப்படும் மருந்துகளுக்கு இது பொருந்தும். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோ லேப்ஸ் நிறுவனத்தின் டோலோவும் இப்பட்டியலில் உள்ளது. மருந்தின் மூலப்பெயர், பிராண்டு பெயர், தயாரிப்பாளரின் முகவரி, பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவை அந்தக் கோட்டில் அடங்கியிருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத பல பொருள்களின் உறையில், கோடுகளால் ஆன பழைய வகை பார்கோடு மட்டுமே காணப்படுகிறது. அதில் இருப்பது பொருளுக்கான எண் மட்டுமே. பேட்ச் எண்ணோ காலாவதித் தேதியோ இல்லை. ஆகவே, காலாவதியான பெட்டியைக் காட்டினாலும் ஸ்கேனர் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும். உறையில் அச்சிடப்பட்ட தேதியைக் கண்ணால் படிப்பதைத் தவிர அங்கு வேறு வழி இல்லை.

பில்லுக்கா, சரிபார்ப்புக்கா?

ஸ்கேனர் இரண்டு விதமாகப் பயன்படுகிறது. முதல் முறையில், ஊழியர் மருந்துச்சீட்டைப் படித்து, அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து, அதை ஸ்கேன் செய்து பில்லில் ஏற்றுகிறார். இங்கு ஒப்பீடு எதுவும் நடப்பதில்லை. தவறான மருந்தை எடுத்திருந்தால், அந்தத் தவறான மருந்தே பில்லில் பிழையின்றிப் பதிவாகும். பில்லும் பையிலுள்ள மருந்தும் ஒத்துப்போகும். மருந்துச்சீட்டு மட்டும் ஒத்துப்போகாது.

இரண்டாம் முறையில், மருந்துச்சீட்டில் உள்ள மருந்து, அதன் அளவு, எண்ணிக்கை ஆகியவை முதலில் கணினியில் பதியப்படுகின்றன. அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு உறையும் ஸ்கேன் செய்யப்பட்டு, அந்தப் பதிவோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தாவிட்டால் கணினி தடுக்கும். 5 மி.கி. மாத்திரைக்குப் பதிலாக 10 மி.கி. மாத்திரையை எடுத்துவிடுவது, ஒலியில் நெருங்கிய பிராண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்வது போன்ற தவறுகள் இங்குதான் பிடிபடுகின்றன. பெயர் ஒற்றுமை சிறிய ஆபத்தல்ல. மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கான 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' என்ற இரு பெயர்கள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மருந்துப் பெயர்களில் குழப்பத்தைத் தவிர்க்கக் கூடுதல் கண்டிப்பு தேவை என்று 2001-இல் அந்த நீதிமன்றம் கூறியது.

ஒவ்வொரு உறையையும் ஸ்கேன் செய்வதா, ஒன்றை மட்டும் செய்வதா என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பிரிகாம் பெண்கள் மருத்துவமனையின் மருந்தகத்தில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. எல்லா மருந்துகளையும் ஸ்கேன் செய்த முறைகளில், ஸ்கேனர் தடுக்கக்கூடிய வகையைச் சேர்ந்த வழங்கல் தவறுகள் 93 முதல் 96 சதவீதம் வரை குறைந்தன. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லாத முறையிலோ 60 சதவீதமே குறைந்தது. அவசரத்தில் ஒரே அட்டையைப் பத்து முறை ஸ்கேன் செய்தால், மற்ற ஒன்பது அட்டைகளை யாரும் பார்க்கவில்லை என்றே பொருள்.

ஸ்கேனர் ஏற்கும் தவறு

முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இந்நோய்க்கு இது வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே உட்கொள்ளப்படும் மருந்து. வாரம் 7.5 மி.கி. என நான்கு வாரங்களுக்கு மருத்துவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2.5 மி.கி. மாத்திரை என்றால் வாரத்துக்கு 3 வீதம் மொத்தம் 12 மாத்திரைகள் போதும்.

கணினியில் பதியும் ஊழியர் 'வாரம் ஒருமுறை' என்பதற்குப் பதிலாக 'தினமும் ஒருமுறை' என்று தேர்வு செய்துவிடுகிறார். மருந்தின் பெயர் சரி, மாத்திரையின் அளவும் சரி. ஆகவே அட்டையை ஸ்கேன் செய்ததும் திரை பச்சை நிறம் காட்டுகிறது. உறையில் ஒட்டும் குறிப்பு, தினமும் மூன்று மாத்திரை என்கிறது. நோயாளி ஒரே வாரத்தில் 52.5 மி.கி., அதாவது ஏழு மடங்கு மருந்தை உட்கொள்கிறார். வாய்ப்புண், காய்ச்சல், இரத்த வெள்ளணுக்கள் குறைதல் எனத் தொடங்கும் பாதிப்பு உயிரையே பறிக்கக்கூடும்.

இந்தத் தவறைக் காட்டிக்கொடுப்பது எண்ணிக்கைதான். நான்கு வாரங்களுக்கு 12 என்று இருக்க வேண்டிய இடத்தில் கணினி 84 மாத்திரைகளைக் கேட்கும். இம்மருந்தை அறிந்த மருந்தாளுநரின் கண் அங்கேயே நின்றுவிடும். 'எந்தக் கிழமை சாப்பிடுகிறீர்கள்?' என்று நோயாளியிடம் அவர் கேட்கும் கேள்வி, எந்த ஸ்கேனரும் கேட்காத கேள்வி. இத்துடன் பெரும்பாலும் எழுதப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் மஞ்சள் நிறத்திலேயே வருவதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பெயரைக் காட்டி விளக்குவதும் அவசியமாகிறது.

இன்சுலினில் வேறு வகைச் சிக்கல் உண்டு. இந்தியாவில் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்ட குப்பிகளும், 100 யூனிட் கொண்ட மருந்துகளும் விற்பனையில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. 40-க்கு உரியது சிவப்பு மூடியும், 100-க்கு உரியது ஆரஞ்சு மூடியும் கொண்டிருக்கும். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசிக்குழலில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் செல்வது 25 யூனிட். தனித்தனியே ஸ்கேன் செய்யும்போது மருந்தும் சரியானது, ஊசிக்குழலும் சரியானது, இணைதான் தவறு. குப்பியில் உள்ள எண்ணையும் ஊசிக்குழலில் உள்ள எண்ணையும் சேர்த்துப் படிக்கும் கண்களுக்கே அது தெரியும்.

அட்டையை வெட்டும்போது

அட்டையில் பாதியை வெட்டித் தருவது இந்திய மருந்துக்கடைகளில் அன்றாட வழக்கம். கோடும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு பகுதியில் மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், வெட்டிய துண்டுகளில் ஒன்று அடையாளமின்றிப் போகும். மீதமுள்ள துண்டு வேறு பெட்டிக்குள் விழுந்தால், அடுத்தவருக்குத் தரும்போது ஸ்கேன் செய்ய எதுவும் இருக்காது. தேதி அச்சிடப்பட்ட முனை கடைசிவரை கடையில் தங்கும்படி மறுமுனையிலிருந்து வெட்டுவதும், பில்லில் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் குறித்துத் தருவதும் இதற்கு எளிய தீர்வுகள்.

மருத்துவரின் சீட்டின் பேரில் தரப்படும் மருந்துகள், பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில் வழங்கப்பட வேண்டும் என்பது மருந்து விதிகளின் நிபந்தனை. ஸ்கேனர் வந்த பிறகும் அந்த நிபந்தனை மாறவில்லை. கணினியில் பதிந்ததை மருந்துச்சீட்டோடு ஒரு முறை நேரடியாக ஒப்பிடுவது, எண்ணிக்கை நாட்களோடு பொருந்துகிறதா என்று கணக்கிடுவது, உறையைத் திறந்து உள்ளிருக்கும் அட்டையைப் பார்ப்பது, நோயாளியின் பெயரையும் வயதையும் கேட்டு உறுதி செய்வது ஆகியவை இன்றும் மருந்தாளுநரின் பணிகளே. பையை வாங்கும் நோயாளியும், கடையை விட்டு நகரும் முன் அட்டையில் உள்ள பெயரையும் அளவையும் தன் மருந்துச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.