மேடை விளக்கு மாற்றிவிட்ட நிறங்கள்

வரவேற்பு மேடையில் மணப்பெண் கட்டியிருந்தது அரக்கு பார்டர் வைத்த கரும்பச்சைப் பட்டு. ஆல்பத்தில் பார்த்தால் புடவை ஏறக்குறைய கறுப்பு. முகமோ ரோஸ் பவுடரைக் கரைத்துப் பூசியது போல் வழவழவென்று இருக்கிறது. பழி போட்டோகிராபர் மேல் விழுகிறது. பாதிக் காரணம் மேடையின் இரு பக்கமும் ஸ்டாண்டில் நின்ற எல்.இ.டி. பார் லைட்டுகள்.

பழைய ஹாலஜன் விளக்கின் ஒளியில் மஞ்சள் தூக்கலாக இருக்கும். ஆனாலும் எல்லா நிறங்களும் அதில் கூடக் குறைய உண்டு. அதனால் அந்தப் படத்தைச் சரிசெய்வது சுலபம். மஞ்சளைக் குறைத்து நீலத்தைக் கூட்டினால் முகம் முகமாகிவிடும். எல்.இ.டி. பார் லைட் வேறு வகை. அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி பல்புகள் இருக்கின்றன. லைட் மேன் மேடையை ரோஸ் நிறமாக்க நினைத்தால் சிவப்பையும் நீலத்தையும் ஏற்றிவிட்டுப் பச்சையை அணைத்துவிடுகிறார். பச்சைப் பட்டு பச்சையாகத் தெரிவது, தன்மேல் விழும் ஒளியில் உள்ள பச்சையைத் திருப்பி அனுப்புவதால்தான். விழும் ஒளியிலேயே பச்சை இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப அதனிடம் எதுவுமில்லை. அதனால்தான் கறுத்துவிடுகிறது.

நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தால் விளக்கு என்ன செய்தது என்பது இன்னும் தெளிவாகும். நல்ல சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் குங்குமம் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் தோலும் குங்குமமும் சிவப்பை ஒன்றுபோலத் திருப்பி அனுப்புகின்றன. நீல ஒளியில் அதே குங்குமம் கரும்பொட்டாக நிற்கும்.

ஒரு படத்தை எடுத்துத் திருத்திப் பார்ப்போம். லைட்ரூமில் சுட்டியை மணப்பெண்ணின் கன்னத்தில் வைத்தால் மூன்று எண்கள் தெரியும். நம் படத்தில் சிவப்பு 97, பச்சை 21, நீலம் 74 என்று வைத்துக்கொள்வோம். மாநிறமோ சிவப்போ கறுப்போ, வெள்ளை ஒளியில் மனிதத் தோலுக்கு வரிசை ஒன்றுதான்: சிவப்பு அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம். இங்கே நீலம் பச்சையைத் தாண்டி எங்கோ நிற்கிறது. நாம் செய்யப்போகும் வேலை இந்த வரிசையைத் திருப்பிக் கொண்டுவருவதுதான். திரையைப் பார்த்துக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் எந்த நிறத்துக்கும் பழகிவிடும், எண் பழகாது.

முதலில் கவனிக்க வேண்டியது அந்த 97. ரா ஃபைலாக இருந்தால் Exposure-ஐக் குறைத்துப் பாருங்கள். கன்னத்தின் மேடு பள்ளம் திரும்பி வந்தால் படம் பிழைக்கும். ஜேபெக்காக மட்டும் எடுத்திருந்து, சிவப்பு அதன் உச்சமான 255-ல் முட்டியிருந்தால் அந்த இடத்தில் முகத்தின் விவரம் பதிவாகவே இல்லை. எவ்வளவு குறைத்தாலும் தட்டையான ஒரு திட்டுதான் மிஞ்சும். அந்த பொம்மை முகம் இப்படித்தான் வருகிறது.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ். படத்தில் நிறமற்ற ஓர் இடத்தை சொட்டுக்குழாய் கருவியால் தொட வேண்டும். பலரும் மாப்பிள்ளையின் பளிச்சென்ற வெள்ளைச் சட்டையைத் தொடுவார்கள். இந்த இடத்தில் அது சரிவராது. சலவைத்தூளிலும் துணியிலும் உள்ள வெண்மையூட்டிகள் ஊதா ஒளி பட்டால் தாமே நீலமாக ஒளிர்கின்றன. அதை நம்பினால் முகம் பழுப்பேறிவிடும். பக்கத்தில் நிற்கும் தாத்தாவின் நெற்றி விபூதி நல்ல துணை. அது சாம்பல், சாயம் கலக்காதது. தோலின் மேலேயே, அதே ஒளியில் இருக்கிறது. வெளுத்துப் போகாத ஒரு கீற்றைத் தேர்ந்து தொடுங்கள். விபூதி இல்லாவிட்டால் கண்ணின் வெண்பகுதியைத் தொடலாம்.

தொட்டதும் Tint பச்சைப் பக்கம் ஓடிப்போய் முகம் கொஞ்சம் தெளியும். ஆனால் பின்னால் தொங்கும் மஞ்சள் சீரியல் விளக்குகளும் பூ அலங்காரமும் பச்சை பூத்துவிடும், ஏனென்றால் அவற்றின்மேல் அந்த ரோஸ் ஒளி விழவில்லை. இரண்டு விளக்குகளுக்கு ஒரே திருத்தம் பொருந்தாது. முழுப் படத்துக்கும் பாதி தூரம் மட்டும் போய் நிறுத்திவிட்டு, மீதியை முகம், கழுத்து, கைகளுக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் செய்ய வேண்டும். கையை மறந்துவிடுபவர்கள் அதிகம். முகம் மாநிறம், மருதாணிக் கை ரோஸ் என்று ஆல்பம் வந்துவிடும்.

அதன் பிறகும் கன்னத்தின் ஓரத்தில் நியான் போல ஊதா நின்றால் Calibration பகுதிக்குப் போய் Blue Primary-யின் Saturation-ஐக் குறையுங்கள். எல்.இ.டி.யின் அடங்காத ஊதாவை அடக்குவதற்கு இதைவிட நேரடியான வழி அந்த மென்பொருளில் இல்லை என்பது என் கருத்து. எண்கள் 68, 50, 41 என்பதற்கு அருகில் வந்தால் போதும். முகத்தில் ரோஸ் சாயல் சிறிது இருக்கட்டும். அதையும் துடைத்து எடுத்தால், ரோஸ் மேடையின் முன்னால் வேறெங்கோ எடுத்த முகத்தை வெட்டி ஒட்டியது போலிருக்கும்.

புடவை மட்டும் திரும்பி வராது. ஒயிட் பேலன்ஸ் செய்வதெல்லாம் மூன்று நிறங்களையும் ஏதோ ஓர் எண்ணால் பெருக்குவதுதான். 21-ஐ 50 ஆக்க இரண்டரை மடங்கு பெருக்கினால் கொஞ்சம் புள்ளி தட்டும், அவ்வளவுதான். பட்டில் பச்சை 2 மட்டுமே இருந்தால் இருபது மடங்கு பெருக்க வேண்டிவரும். வறண்ட கிணற்றில் பெரிய மோட்டார் வைத்தால் சேறுதான் ஏறும். இங்கே ஏறுவது புள்ளிப்புள்ளியான இரைச்சல். சிலர் மாஸ்க் போட்டுப் பச்சை வண்ணம் தீட்டிக் கொடுப்பார்கள். அது அந்தப் பட்டின் பச்சையாக இருக்காது, தீட்டியவர் நினைவில் இருந்த பச்சை. சரியாகச் செய்ய வேண்டுமானால், மேடை ஏறுவதற்கு முன் அறையில் வெள்ளை வெளிச்சத்தில் அந்தப் புடவையை ஒரு படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரே நிறம் மட்டும் எரிந்த காட்சிகளில், உதாரணமாக முழுச் சிவப்பில், நிறத்தோடு மல்லுக்கட்டாமல் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதே நல்லது.

எடுக்கும்போதே தவிர்க்கக்கூடிய ஒன்று உண்டு. கேமராவில் வெளிச்சத்தைக் காட்டும் ஒற்றை வரைபடம் பச்சைக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. ரோஸ் ஒளியில் பச்சை இல்லாததால் படம் இருட்டாக இருப்பதாக அது சொல்லும். அதை நம்பி வெளிச்சத்தைக் கூட்டினால் சிவப்பு உச்சத்தில் முட்டிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஆர்.ஜி.பி. வரைபடத்தை இயக்கி, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுக்க வேண்டும்.

கல்யாண வீட்டார் இரண்டு காரியம் செய்யலாம். உறவினர்கள் வரிசையாக மேடை ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில், முகத்தின் மேல் விழும் விளக்குகளை மட்டும் வெள்ளையாக வைக்கும்படி லைட் மேனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்திரைக்கு அவர் எந்த நிறத்தை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். ஆல்பத்துக்கு நீங்கள் சம்மதம் சொல்லும் வரை ரா ஃபைல்களை அழிக்க வேண்டாம் என்று போட்டோகிராபரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.