'பேசுவோம்' என்று பதில் வராத மின்னஞ்சல்

ஒரு தொழிற்சாலையின் பராமரிப்பு மேலாளர், எம்.டி.க்கு மின்னஞ்சல் எழுதுகிறார். பதினோரு வருடத்துக்கு முன் வாங்கிய ஏர் கம்ப்ரஸர் எந்த மாதத்தில் எப்படிப் பழுதானது, யார் வந்து பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒன்றரைப் பக்கம் நீள்கிறது. ஐந்து இணைப்புகள். கடைசி வரி: 'தங்கள் மேலான ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.' மூன்று நாள் கழித்து எம்.டி.யிடமிருந்து ஒரே சொல் வருகிறது: 'பேசுவோம்.'

இது ஓர் உதாரணம்தான், கீழே வரும் தொகைகளும் உதாரணத்துக்கே. ஆனால் அந்தப் பதில் பல அலுவலகங்களுக்குப் பழக்கமானது. தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது எம்.டி.க்குத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். அவரிடம் ஆலோசனை கேட்கத் தேவையே இருக்கவில்லை. தேவைப்பட்டது ஒரு முடிவு, அதோடு ஒரு தொகைக்கு ஒப்புதல்.

முடிவு கேட்கும் மடலுக்கு மூன்று உறுப்புகள்: பின்னணி, வழிகள், பரிந்துரை. அரசு அலுவலகக் கோப்பில் குறிப்பு எழுதியவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. பிரச்சினையையும் விதியையும் செய்யக்கூடியதையும் எழுதி, 'ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடிப்பார்கள். அதிகாரி கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவார். கோப்பு மேசைக்கு வந்தால் முதலிலிருந்து கடைசிவரை படிப்பார்கள். மின்னஞ்சலோ காரில் போகும்போது கைபேசியில் திறக்கப்படுகிறது. முதல் இரண்டு வரிகள்தான் உறுதியாகக் கண்ணில் படும். ஆகவே கோப்பில் கடைசியில் நிற்கும் கோரிக்கை, மின்னஞ்சலில் முதலில் வரவேண்டும்.

பின்னணி: முடிவைத் தொடுவது மட்டும்

நம் மேலாளர் தன் மடலைத் திரும்ப எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லவே மனம் இழுக்கும். அதைத் தடுக்க ஒரு கேள்வி போதும்: இந்த வரியை எடுத்துவிட்டால் முடிவு மாறுமா? மாறாதென்றால் அந்த வரி இணைப்புக்குப் போகட்டும்.

அப்படிச் சலித்தால் மிஞ்சுவது இவ்வளவுதான். நான்கு மாதத்தில் கம்ப்ரஸர் மூன்று முறை நின்றது, மொத்தம் 19 மணி நேரம். ஒரு மணி நேரம் நின்றால் ₹22,000 மதிப்புள்ள உற்பத்தி போகிறது. ஆக, இழப்பு ₹4.18 லட்சம். இரண்டு முறை நின்றதற்குக் காரணம் கன்ட்ரோலர், ஒரு முறை காற்றை அழுத்தும் பகுதியான ஏர் எண்ட்.

காரணத்தைப் பிரித்து எழுதியபோதுதான் அவருக்கே ஒன்று புரிகிறது. ஏர் எண்டை மட்டும் மாற்றலாம் என்று முதல் மடலில் சொல்லியிருந்தார். 19 மணி நேரத்தில் ஏர் எண்டால் போனது 5 மணி நேரம்தான். மீதி 14 மணி நேரத்தை அந்தச் செலவு தொட்டிருக்கவே தொட்டிருக்காது.

வழிகள்: ஒரே அளவுகோலில்

இங்கே நேரும் பெரிய தவறு ஒப்புக்கு வழிகளை அடுக்குவது. 'அப்படியே விடலாம், நான் சொல்வதை வாங்கலாம், இரண்டு மடங்கு விலையில் வெளிநாட்டு இயந்திரம் வாங்கலாம்' என்று மூன்றை வைத்தால், நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கத் தள்ளுகிறார்கள் என்று அனுபவமுள்ளவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அடுத்த முறை நம் எண்களையும் நம்பமாட்டார். ஒவ்வொரு வழியையும் விவரம் தெரிந்த ஒருவர் நியாயமாக ஆதரிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்பதும் ஒரு வழியே. அதற்கும் விலை உண்டு என்பதால் அதையும் எழுதவேண்டும். பிறகு எல்லா வழிகளையும் ஒரே கேள்விகளால் அளக்கவேண்டும்: எவ்வளவு செலவு, எப்போது தீரும், தீர்ந்தபின் என்ன ஆபத்து மிஞ்சும்? ஒன்றுக்கு விலையும் இன்னொன்றுக்கு நன்மையும் மட்டும் சொன்னால் படிப்பவரால் ஒப்பிட முடியாது. அதனால் மறுபடி கேள்வி கேட்டுப் பதில் எழுதுவார்.

பரிந்துரை: பெயர் வைத்துச் சொல்வது

'எது சரியென்று தாங்களே முடிவு செய்யுங்கள்' என்பது பணிவாகத் தோன்றலாம். ஆனால் இயந்திரத்தை தினமும் பார்ப்பவர், அதைப் பார்க்காதவரின் தலையில் தன் வேலையை ஏற்றுகிறார். பரிந்துரையில் மூன்று செய்திகள் இருக்கவேண்டும்: எந்த வழி, ஏன், என்ன தெரியவந்தால் என் கருத்து மாறும். மூன்றாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பலவீனத்தை நாமே சொல்லிவிட்டால், அதைத் தேடும் வேலை மேலதிகாரிக்கு மிச்சம்.

மாற்றி எழுதிய மடல் இது:

> பொருள்: முடிவு தேவை, ஆகஸ்ட் 20 புதனுக்குள் – கம்ப்ரஸர் பழுதுக்கு ₹4.7 லட்சம்
>
> வணக்கம் சார்,
>
> கம்ப்ரஸரில் ஏர் எண்ட், கன்ட்ரோலர் இரண்டையும் மாற்ற ₹4.7 லட்சத்துக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். கொட்டேஷன் ஆகஸ்ட் 22 வரைதான் செல்லும்.
>
> பின்னணி: நான்கு மாதத்தில் மூன்று முறை, 19 மணி நேரம் நின்றது. இழப்பு ₹4.18 லட்சம். 14 மணி நேரம் கன்ட்ரோலரால், 5 மணி நேரம் ஏர் எண்டால்.
>
> வழி 1. இப்படியே ஓட்டுவது: இப்போது செலவில்லை. இதே வேகத்தில் நின்றால் மாதம் சுமார் ₹1 லட்சம் இழப்பு. தீபாவளி ஆர்டர் நேரத்தில் நிற்கும் ஆபத்து.
>
> வழி 2. இரண்டையும் மாற்றுவது: ₹4.7 லட்சம். இரண்டு ஞாயிறுகளில் முடியும், உற்பத்தி நிற்காது. பழைய மோட்டார் அப்படியே இருக்கும்.
>
> வழி 3. புதிய கம்ப்ரஸர்: ₹9.5 லட்சம். வர ஆறு வாரம். அதுவரை பழையதைத்தான் நம்பவேண்டும். வந்தபின் ஆபத்து மிகக் குறைவு.
>
> பரிந்துரை: வழி 2. தீபாவளி ஆர்டருக்கு முன் முடியும். நிற்பது நின்றால் சுமார் ஐந்து மாதத்தில் செலவு ஈடாகும். ஆர்டர் கொடுக்குமுன் மோட்டாருக்கு மெகர் சோதனை செய்வேன். இன்சுலேஷன் பலவீனமாக இருந்தால் ஆர்டரை நிறுத்தி, வழி 3-க்கு உங்களிடம் மறுபடி வருவேன்.
>
> 'வழி 2 சரி' என்று பதில் அனுப்பினால் போதும்.

இந்த மடலைப் பெறுபவர் ஒருவர் மட்டுமே. கணக்குப் பிரிவுக்கும் உற்பத்திப் பிரிவுக்கும் நகல் போகலாம். ஆனால் 'பெறுநர்' இடத்தில் நான்கு பேரைப் போட்டால், மற்றவர் சொல்லட்டும் என்று நால்வரும் காத்திருப்பார்கள்.

கெடுவைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் சொல்லவேண்டும். கொட்டேஷன் காலாவதியாகும் என்பது உண்மையான காரணம். 'மிக அவசரம்' என்பது காரணம் ஆகாது. 'பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வேன்' என்று பணச் செலவில் ஒருபோதும் எழுதக்கூடாது. மௌனத்தைக் காட்டித் தணிக்கையில் யாரும் தப்ப முடியாது.

இந்த வடிவம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒருவரை வேலையை விட்டு நீக்குவது, இரண்டு பிரிவுகளுக்கு நடுவே உள்ள பூசல் போன்றவற்றை நேரில் பேசிவிட்டு, முடிவை மட்டும் எழுத்தில் பதியலாம். செலவு, கால அளவு, ஆபத்து என்று அளக்க முடிந்தவற்றுக்கே இது நன்றாகப் பொருந்தும்.

மடல் சரியாக அமைந்ததா என்பதை வரும் பதில் காட்டிக்கொடுக்கும். 'எவ்வளவு ஆகும்?' என்று வந்தால் வழிகளில் ஓட்டை. 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று வந்தால் பரிந்துரை இல்லை. 'பேசுவோம்' என்று வந்தால் கோரிக்கையே கண்ணில் படவில்லை. 'வேண்டாம், வழி 3-க்குப் போங்கள்' என்று வந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. முடிவு கேட்டோம், முடிவு கிடைத்தது.