கசிவா, தேக்கமா?

கண் மஞ்சளாகிவிட்டால், "பிலிருபின் எவ்வளவு?" என்றுதான் வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். கல்லீரல் உயிரணு சிதைந்தாலும் அது ஏறும். பித்தம் தேங்கினாலும் ஏறும். எது நடந்தது என்று அறிய, அதே பரிசோதனைத் தாளில் உள்ள நொதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஏ.எல்.டி. என்னும் நொதி உயிரணுவுக்குள் இருப்பது. உயிரணு காயப்பட்டால் ஒழுகி இரத்தத்தில் கலந்துவிடும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அப்படியன்று. பித்தம் வடியும் பக்கத்துச் சவ்வில் ஒட்டியிருக்கும் இந்த நொதியை, பித்தம் தேங்கும்போது உயிரணு புதிதாக உற்பத்தி செய்கிறது. ஒழுகுவதற்குச் சில மணி நேரம் போதும். உற்பத்திக்கு ஒன்றிரண்டு நாளாகும். நாங்கள் மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

45 வயது மாது ஒருவர், வலது விலாவுக்குக் கீழே கடும் வலியுடன் இரவில் வார்டுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஏ.எல்.டி. 400, அதன் இயல்பு உச்சவரம்பு 40. எனவே 10 மடங்கு. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 150; வரம்பு 120. எனவே 1.25 மடங்கு. முதல் மடங்கை இரண்டாவதால் வகுத்தால் 8 வருகிறது. இவ்விகிதம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் உயிரணுச் சிதைவு, 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் பித்தத் தேக்கம், இடைப்பட்டது கலப்பு. அப்படியானால் இவருக்கு ஹெப்படைட்டிஸ் என்று எழுதிவிடலாமா?

பொறுங்கள். இரண்டு நாள் கழித்து ஏ.எல்.டி. 160க்கு இறங்கி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 360க்கு ஏறியிருக்கிறது. இப்போது 4 மடங்கை 3 மடங்கால் வகுத்தால் 1.3தான். நோய் மாறவில்லை. பித்த நாளத்தைக் கல் திடீரென அடைத்ததில் உயிரணுக்கள் முதலில் ஒழுகின. உற்பத்தி பிறகுதான் வேகம் பிடித்தது. வலியோடு வந்தவரின் முதல் நாள் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் ஸ்கேன் எடுப்பதே தள்ளிப்போயிருக்கும்.

இன்னொரு ஐயமும் உண்டு. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எலும்பிலிருந்தும் வரும்; கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். வளரும் பிள்ளைகளுக்கு அது உயர்ந்திருப்பது இயல்பே. இங்கே காமா ஜி.டி. சாட்சி சொல்கிறது. எலும்பு நோயில் அது உயர்வதில்லை. நம் மாதுக்கு அது 480, வரம்பு 50. ஆகவே மூலம் கல்லீரல்தான். ஆனால் காமா ஜி.டி. தனியே ஏறியிருந்தால் அவசரப்படக் கூடாது. மதுவும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் மாத்திரையும்கூட அதை ஏற்றிவிடும்.

தேக்கம் என்று தெரிந்தாலும் அது எந்த இடத்தில் என்று விகிதம் சொல்லாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். நாளம் விரிந்திருந்தால் அடைப்பைத் தேடுவார்கள். விரியாவிட்டால், அண்மையில் அவர் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியலைக் கேட்பார்கள்; அமோக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த ஆண்டிபயாடிக், நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும் பித்தத்தைத் தேங்க வைக்கக்கூடும்.