சாறு கசியாத செர்ரி பை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் புளிப்புச் செர்ரி பழுப்பது ஜூலை மாதத்தில். ஏரிக்கரை ஊரான ட்ராவர்ஸ் சிட்டியில் அதற்கென்றே ஆண்டுதோறும் தேசியச் செர்ரித் திருவிழா நடக்கிறது. அந்தப் பகுதிக்குச் செர்ரி மரத்தைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் பீட்டர் டோஹர்ட்டி என்ற பாதிரியார். 1852இல் அவர் ஓல்ட் மிஷன் தீபகற்பத்தில் மரங்களை நட்டார். இன்று அந்த நாட்டில் விளையும் புளிப்புச் செர்ரியில் பெரும்பங்கு மிச்சிகனில்தான் விளைகிறது. பெரும்பாலும் மான்ட்மொரென்சி என்ற ரகம். பளிச்சென்ற சிவப்பு, மெல்லிய தோல், தொட்டாலே குழையும் சதை, உள்ளே நிறையச் சாறு. பறித்த பழம் நெடுநாள் தாங்காது என்பதால் விளைச்சலில் பெரும்பகுதி கொட்டை நீக்கப்பட்டு உறைபெட்டிக்கோ டின்னுக்கோ போய்விடுகிறது.

இந்தப் பழத்துக்குப் பேர்போன பலகாரம் செர்ரி பை. வெண்ணெய் சேர்த்த மாவை வட்டமாகத் தேய்த்துச் சரிவான தட்டில் விரித்து, பழத்தை நிரப்பி, மேலே மாவுப் பட்டைகளைப் பின்னி மூடி ஓவனில் வேகவைப்பார்கள். பின்னலின் கட்டங்களில் சிவப்புக் கூழ் கொதித்து மினுங்குவதைப் பார்க்கிறவர்கள் அது அழகுக்காகச் செய்தது என்று நினைக்கலாம். ஆனால் அந்தப் பின்னலுக்கு ஒரு வேலை இருக்கிறது.

பழம் சூடேறும்போது சாறு விடும். சாறு கொதித்தால் ஆவி கிளம்பும். முழு மூடி போட்டால் கீறிவிட்ட சில பிளவுகள் வழியாகத்தான் அந்த ஆவி வெளியேற வேண்டும். போதிய வழி கிடைக்காத ஆவி ஓரத்தில் மாவு ஒட்டிய இடத்தை நெம்பித் திறக்கும், பின்னாலேயே சாறும் வழியும். பின்னல் மூடியிலோ மேற்பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு திறந்தே கிடக்கிறது. ஆவி நேராக மேலே போய்விடுகிறது, நீர் வற்றுகிறது, சாறு தானாகவே கெட்டியாகிறது. செர்ரி மாதிரி சாறு மிகுந்த பழத்துக்குப் பின்னலை வைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் பின்னல் பை ஒழுகத்தான் செய்கிறது. ஓவன் தட்டில் கரிந்த சர்க்கரை, தட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் அடி மாவு, ஊறிப்போன ஓரம் என்று அதற்குப் பல முகங்கள். பார்க்கப்போனால் மூன்று இடங்களில் கவனம் வைத்தால் இவற்றில் பெரும்பாலானவை வராது: சாற்றின் பதம், பட்டைகளின் குளிர்ச்சி, ஓரத்தை மடிக்கும் திசை.

முதலில் சாறு. 23 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்குக் கொட்டை நீக்கிய புளிப்புச் செர்ரி 900 கிராம் தேவை. உறைந்த பழமானால் வடிகட்டியில் கொட்டிக் கீழே கிண்ணம் வைத்து முழுவதும் உருக விட வேண்டும். ஏறக்குறைய ஒரு கப் சாறு இறங்கும். பழத்தோடு சேர்த்து அப்படியே தட்டில் ஊற்றினால் அந்த ஒரு கப்தான் பிறகு வெளியே வழியும். அதனால் அந்தச் சாற்றில் 200 கிராம் சர்க்கரை, 35 கிராம் கார்ன்ஃப்ளார், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கட்டி தட்டாமல் கரைத்து, அடுப்பில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கலங்கலாக இருக்கும் சாறு கொதி வந்ததும் தெளிந்து பளபளப்பாகும். கரண்டியின் பின்புறத்தில் கனமாகப் படிந்தால் இறக்கிவிடலாம். முழுவதும் ஆறிய பிறகே பழத்தை அதில் கலக்க வேண்டும். சூடாக ஊற்றினால் அடி மாவிலுள்ள வெண்ணெய் உருகி, பை ஓவனைப் பார்ப்பதற்கு முன்பே அடி நனைந்துவிடும்.

மாவுக்கு 320 கிராம் மைதா, 225 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்பு, மாவு சேரும் அளவுக்கு ஐஸ் தண்ணீர். வெண்ணெய் பட்டாணி அளவுத் துண்டுகளாக மாவில் தெரிய வேண்டும். இரண்டு உருண்டையாக்கித் தட்டி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவு தளர்ந்து, தேய்க்கும்போது சுருங்காது. ஒன்றை 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்துத் தட்டில் விரித்து, விளிம்புக்கு வெளியே 2 சென்டிமீட்டர் தொங்கவிட்டுச் சுற்றிலும் கத்தரித்துக்கொள்ள வேண்டும். இழுத்துப் பொருத்தக் கூடாது. இழுத்த மாவு வேகும்போது பழைய அளவுக்கே சுருங்கி, விளிம்பிலிருந்து கீழே சரியும். எங்காவது கிழிந்தால் ஒரு துண்டு மாவை ஈரம் தொட்டு ஒட்டி அழுத்திவிடலாம். இந்த ஒட்டு மிக முக்கியம். பின்னல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அடியில் ஊசித்துளை இருந்தால் சாறு அங்கே இறங்கி, தட்டுக்கும் மாவுக்கும் நடுவில் கரிந்துவிடும்.

இரண்டாவது உருண்டையையும் அதே கனத்தில் தேய்த்து, ஸ்கேல் வைத்து 2 சென்டிமீட்டர் அகலத்தில் பத்துப் பட்டைகள் வெட்ட வேண்டும். பீட்சா கட்டர் இருந்தால் வேலை சுளுவு. வெட்டிய பட்டைகளைப் பட்டர் பேப்பரோடு தூக்கிக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பதைத் தவிர்க்கவே கூடாது. சரியான பதத்தில் இருக்கும் பட்டை, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் வளையும், ஆனால் நீளாது. விறைத்து நின்றால் மடிக்கும்போது உடைந்துவிடும், ஓரிரு நிமிடம் வெளியே வைக்க வேண்டும். தொங்கும்போதே மெலிந்து நீண்டால் வெண்ணெய் இளகிவிட்டது, மறுபடி ஃப்ரிட்ஜுக்குத்தான்.

பழத்தைத் தட்டில் நிரப்பும்போது விளிம்புக்கு 1 சென்டிமீட்டர் கீழே நிறுத்திவிட வேண்டும். மிச்சம் இருந்தால் தனியாக வைத்துத் தின்றுவிடலாம். ஆப்பிள் துண்டுகளைக் குவித்து வைக்கலாம், வெந்ததும் அவை அமிழும். செர்ரியோ கொதிக்கும்போது மேலே எழும்பும்.

பின்னுவதற்கு ஒரே ஒரு விதிதான். ஐந்து பட்டைகளைச் சம இடைவெளியில் நெடுக்கே கிடத்தி, இரண்டாவதையும் நான்காவதையும் பாதிவரை மடித்துவிட்டு, நடுவில் நீளமான பட்டை ஒன்றைக் குறுக்கே வைக்க வேண்டும். மடித்த இரண்டையும் மறுபடி விரித்தால் அவை குறுக்குப் பட்டையின் மேல் வந்துவிடும். ஒன்று, மூன்று, ஐந்து அடியில் இருக்கும். அடுத்த குறுக்குப் பட்டைக்கு, இப்போது அடியில் இருக்கும் மூன்றையும் மடிக்க வேண்டும். அதற்கடுத்ததற்கு மறுபடி இரண்டும் நான்கும். எப்போதும் கடைசியாக வைத்த பட்டைக்கு அடியில் போனவற்றையே தூக்குகிறோம் என்று நினைவில் வைத்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நடுவிலிருந்து ஒரு பாதியை முடித்து, தட்டைத் திருப்பி, மறுபாதியில் இரண்டு பட்டைகளை அதே முறையில் பின்னினால் ஐந்துக்கு ஐந்து அமைந்துவிடும். பட்டைகளைப் பழத்தின் மேல் தளர்வாகவே படுக்க விட வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டிய பட்டை சுருங்கும்போது ஓரத்திலிருந்து உருவிக்கொள்ளும்.

இனி ஓரம். பெரும்பாலான கசிவு நேர்வது இங்கேதான், அதற்குக் காரணமும் பின்னலில்தான் இருக்கிறது. விளிம்பைச் சுற்றி விரலால் தடவினால் தெரியும்: பட்டை வந்து விழும் இடத்தில் இரண்டு அடுக்கு மாவு, பட்டைகளுக்கு நடுவே ஒரே அடுக்கு. மேடு பள்ளமான அந்த வட்டத்தில் சாறு பள்ளங்களைத் தேடிப் போகும். பட்டையும் அடி மாவும் சேரும் இடத்தில் சர்க்கரைச் சாறு ஒரு சொட்டுப் பட்டிருந்தாலும் அங்கே மாவு மாவோடு ஒட்டாது. எனவே பின்னத் தொடங்கும் முன்பே விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அடித்த முட்டையை பிரஷ்ஷால் மெல்லத் தடவிக்கொள்ள வேண்டும். முட்டை வேண்டாம் என்றால் தண்ணீரே போதும்.

பின்னி முடித்ததும் பட்டைகளின் முனைகளைத் தட்டின் விளிம்போடு கத்தரித்து, அடி மாவோடு அழுத்த வேண்டும். பலர் பட்டை முனையையும் தொங்கும் மாவையும் ஒன்றாகச் சேர்த்துக் கீழ்ப்பக்கமாக மடிக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் இரண்டு மாவுக்கும் இடையிலான இடுக்கு விளிம்பைத் தாண்டிக் கீழே போய் முடிகிறது. உள்ளே புகுந்த சாறு அந்த வழியாகவே தட்டுக்கு இறங்கிவிடும். தொங்கும் அடி மாவை மேல்நோக்கி, பட்டை முனைகளின் மேலே உள்பக்கமாக மடிப்பதே பாதுகாப்பு. வெளிப்பக்கம் முழுவதும் வெட்டில்லாத ஒரே மாவு. பட்டை முனைகள் அதன் மடிப்புக்குள் சிக்கிக்கொள்கின்றன. தப்பி வரும் சாறு மூடிய மடிப்பில் முட்டி நின்றுவிடும்.

மடித்தபின் பட்டை இல்லாத இடங்களைச் சற்றுக் குவித்து, பட்டை இருக்கும் இடங்களை அழுத்தி, சுற்று முழுவதும் ஒரே கனமாக்க வேண்டும். அப்புறம் சோமாஸ் ஓரத்தை நெளிநெளியாக மடிப்பதுபோலவே ஒரு கையின் ஆள்காட்டி விரலால் உள்ளிருந்து தள்ளி, மறு கையின் இரு விரல்களால் வெளியிலிருந்து கிள்ளிக்கொண்டே போகலாம். நெளிவு பட்டையும் மாவும் சேரும் இடத்தில் விழுந்தால் பிடிப்பு கூடும். ஓரம் படுத்துக் கிடக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுதான் கொதிக்கும் சாறுக்கு வரப்பு. முள்கரண்டியால் அழுத்தினாலும் ஒட்டும். ஆனால் ஓரம் தட்டையாகிவிடும் என்பதால் செர்ரிக்கு அது அவ்வளவு உகந்ததல்ல.

பின்னிய பையை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுக விட்டு, பட்டைகளின் மேல் முட்டைக் கலவையை லேசாகத் தடவி ஓவனில் வைக்க வேண்டும். ஓவனின் கீழ்த்தட்டில் ட்ரே ஒன்று ஏற்கெனவே சூடேறியிருந்தால் அடி மாவு சாறு ஊறுவதற்கு முன்பே வெந்து இறுகும். முதல் 20 நிமிடம் 220 டிகிரி செல்சியஸ், பிறகு 190 டிகிரியில் ஏறக்குறைய 40 நிமிடம். ஓரம் முந்திக்கொண்டு சிவந்தால் அலுமினியத் தாளை வளையமாக வெட்டி அதன் மேல் மட்டும் கவிழ்த்துவிடலாம்.

வெந்துவிட்டதை நிறம் மட்டும் சொல்லாது. ஓரத்தில் குமிழி வருவதும் போதாது, ஓரம் எப்போதும் முதலில் கொதிக்கும். நடுக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே குமிழிகள் சிறிதாகவும் வேகமாகவும் வெடித்தால் சாறு இன்னும் நீர்த்திருக்கிறது. பெரிய குமிழி மெதுவாக எழுந்து, கனமாக வெடித்து, பளபளப்பாக அமிழ்ந்தால் கார்ன்ஃப்ளார் வேலையை முடித்துவிட்டது. அதற்குப்பின் நான்கு மணி நேரமாவது ஆற வேண்டும், கூழ் இறுகுவது ஆறும்போதுதான். சூட்டோடு வெட்டிவிட்டுச் சாறு ஓடுகிறதே என்று ஓரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஒழுகிவிட்டாலும் கறையைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் வழிந்திருந்தால் அங்கே பட்டைகளுக்கு நடுவிலிருந்த பள்ளம் சரியாக மூடவில்லை. சுற்றிலும் வழிந்திருந்தால் பழம் அதிகம், அல்லது சாறு நீர்த்துவிட்டது. மேலே எந்தக் கறையும் இல்லாமல் அடி மட்டும் தட்டோடு ஒட்டினால் அடி மாவில் கிழிசல்.

இதே பின்னலை ஆப்பிளுக்குப் போட்டால் கணக்கு சற்று மாறும். திறந்த கட்டங்களில் தெரியும் துண்டுகளின் முனை காய்ந்து தோலாகிவிடும் என்பதால், பட்டைகளை அகலமாக வெட்டி இடைவெளியைக் குறைக்க வேண்டும். ஆனால் சாற்றை முன்பே வடித்து வற்றவைக்கும் வேலை ஆப்பிளுக்கும் உண்டு. 1998இல் வெளிவந்த 'தி பை அண்ட் பேஸ்ட்ரி பைபிள்' நூலில் ரோஸ் லெவி பெரன்பாம் அதைத்தான் செய்யச் சொல்கிறார்: சர்க்கரை கலந்த துண்டுகளை வடியவிட்டு, இறங்கிய சாற்றைச் சுண்டக் காய்ச்சி, மறுபடி பழத்தோடு சேர்க்க வேண்டும்.