திரையில் தெரியும் ரூபாயும் கார்டில் போகும் ரூபாயும்

அமெரிக்கக் கடை ஒன்றின் இணையதளத்தைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து திறக்கிறீர்கள். வயலின் தந்தி செட் ஒன்றின் விலை ₹3,400 என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் ரூபாயில் விலை வைத்தவரே இல்லை. அவருடைய பட்டியலில் இருப்பது 40 டாலர்தான்.

நீங்கள் இந்தியாவில் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் இணைப்பின் ஐ.பி. முகவரி சொல்லிவிடுகிறது. எந்த முகவரி வரிசை எந்த நாட்டில் புழங்குகிறது என்ற பட்டியலை வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. கடையின் மென்பொருள் அதைப் பார்த்து ரூபாயைத் தேர்ந்தெடுக்கிறது. வி.பி.என். போட்டு சிங்கப்பூர் வழியாகப் போனால் அதே பக்கம் சிங்கப்பூர் டாலரில் விலை சொல்லும். அந்த ஊர் டாலருக்கும் குறி $ தான் என்பதால், குறியை மட்டும் பார்த்து அமெரிக்க டாலர் என்று நினைத்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, எந்த மாற்று விகிதத்தில் பெருக்குவது? பெரும்பாலான கடைகள், மாற்று விகிதங்களைத் தொகுத்து விற்கும் சேவைகளிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. சில, ஐரோப்பிய மத்திய வங்கி இலவசமாக வெளியிடும் பட்டியலை எடுக்கின்றன. அந்த வங்கி வேலை நாட்களில் மட்டும், மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 4 மணி வாக்கில் அதை வெளியிடும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்ப்பது வெள்ளிக்கிழமை விகிதம். இது தகவலுக்காக மட்டுமே, பரிவர்த்தனைக்கு அல்ல என்று அந்த வங்கியே சொல்லியிருக்கிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள இந்த மாதிரி விகிதத்தில் நமக்கு யாரும் டாலர் தருவதில்லை.

ஆக, ₹3,400 என்பது ஒரு மதிப்பீடு. ஆனால் எல்லாக் கடையிலும் அப்படியில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சில கடைகள் ரூபாயைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். பணம் கட்டும் பக்கம் வந்ததும் விலை 40 டாலருக்குத் திரும்பிவிடும். கார்டில் கேட்கப்படுவதும் 40 டாலர். வேறு கடைகள் உண்மையிலேயே ரூபாயில் வசூலிக்கும். பொருள் இருக்கும் பக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். காட்டுவது மட்டும் என்றால் ஓரத்தில் சிறு எழுத்தில் ‘தோராயமாக’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கடைசிப் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்கு மேல் இருக்கும் மொத்தத் தொகை எந்த நாணயத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். 40 டாலர் விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக உங்கள் வங்கிக்கு வருகிறது. கடை சொன்ன விகிதத்துக்கு இங்கே வேலையே இல்லை. கார்டு நிறுவனம் தன்னுடைய அன்றைய விகிதத்தைப் போடும். அன்றைய என்பது நீங்கள் பொத்தானை அழுத்திய நாளாக இருக்க வேண்டியதில்லை. பல கடைகள் பொருளை அனுப்பும்போதுதான் பணத்தைக் கேட்கும். சனிக்கிழமை வாங்கியது செவ்வாய்க்கிழமை கணக்குக்கு வந்தால், பொதுவாகச் செவ்வாய்க்கிழமை விகிதம்தான் பொருந்தும். வாங்கிய நிமிடத்தில் வந்த குறுஞ்செய்தியில் ஒரு தொகையும் மாதக் கடைசி ஸ்டேட்மென்டில் வேறு தொகையும் இருப்பதற்கு இதுதான் காரணம், யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு நிறுவனங்களுமே தங்கள் தளத்தில் ஒரு கால்குலேட்டர் வைத்திருக்கின்றன. தேதியைக் கொடுத்தால் அன்று போட்ட விகிதத்தை யாரும் பார்க்கலாம்.

அதற்கு மேல் உங்கள் வங்கியின் பங்கு, ‘ஃபாரெக்ஸ் மார்க்கப்’. இந்திய கிரெடிட் கார்டுகளில் பரவலாக 3.5 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

உதாரணத்துக்கு, கடை ஒரு டாலரை 85 ரூபாயாக வைத்து ₹3,400 காட்டியது. கார்டு நிறுவனம் 85.30 போட்டது என்று வைத்துக்கொள்வோம். 40 டாலருக்கு ₹3,412. மார்க்கப் ₹119.42. அதற்கு ஜி.எஸ்.டி. ₹21.50. மொத்தம் ₹3,552.92. சுங்க வரி, தபால் செலவெல்லாம் தனி.

இனி ரூபாயில் வசூலிக்கும் கடை. இன்று ரூபாயில் விலை சொல்லிவிட்டு நாளைக்கு டாலராகப் பெறுவதில் கடைக்கு ஆபத்து இருக்கிறது. மாற்றித் தரும் பணப்பரிமாற்ற நிறுவனமும் கட்டணம் எடுக்கும். அதனால் விகிதத்தில் சில சதவீதம் ஏற்றி, பார்க்க அழகான எண்ணாக முடித்துவைப்பார்கள். 4 சதவீதம் ஏற்றினால் 85 என்பது 88.40 ஆகும், விலை ₹3,536. அழகுக்காக அதை ₹3,599 என்று போடுகிறார்கள். ரூபாயில்தானே கட்டினோம், இனி மார்க்கப் இல்லை என்று நிம்மதியாக இருந்தால், ஸ்டேட்மென்டில் இன்னொரு வரி வந்து நிற்கும். வெளிநாட்டில் பதிவான கடைக்கு ரூபாயில் பணம் போனாலும் பல இந்திய வங்கிகள் 1 சதவீதம் வாக்கில் கட்டணம் பிடிக்கின்றன, அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ₹35.99, ₹6.48 இரண்டையும் சேர்த்தால் ₹3,641.47.

நம் கணக்கில் டாலரே ₹88 போல மலிவாக முடிந்தது. மார்க்கப் இல்லாத கார்டு கையில் இருந்தால் ₹3,412-உடன் போயிருக்கும், வித்தியாசம் ₹229. ஆனால் கடை ஏற்றாமல், எண்ணை உருட்டாமல் ரூபாயில் விற்றால் கணக்கு தலைகீழ். அதனால் எப்போதும் டாலரில்தான் கட்ட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. திரையில் உள்ள ரூபாயை டாலர் விலையால் வகுத்துப் பாருங்கள். 3,599-ஐ 40-ஆல் வகுத்தால் 89.98 வரும். அன்றைய சந்தை விகிதம் 85 என்றால் கடை கிட்டத்தட்ட 6 சதவீதம் எடுக்கிறது. உங்கள் கார்டின் 3.5 சதவீதமும் வரியும் சேர்ந்தால் 4.13 சதவீதம். எது குறைவு என்பது தெரிந்துவிடும்.

பணம் கட்டும் கடைசி நொடியில் மட்டும், ‘டாலரில் கட்டுகிறீர்களா, உங்கள் சொந்த நாணயத்திலா’ என்று கேட்கும் பக்கமும் உண்டு. இதில் மாற்றித் தருவது கடையின் பக்கத்து வங்கியோ பணப்பரிமாற்ற நிறுவனமோ. கார்டு நிறுவனங்களின் விதிப்படி விகிதத்தைக் காட்டி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், ஆனால் ரூபாயை முன்கூட்டியே டிக் செய்து வைக்கும் தளங்களும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள்: 2020 ஏப்ரலிலிருந்து, ஒன்றியத்து நாணயங்களுக்கு இடையே இப்படி மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று பணம் கட்டும் முன்பே காட்டியாக வேண்டும். தகவலுக்கு மட்டும் என்று வெளியான அதே பட்டியல் இங்கே அளவுகோலாகிவிட்டது.

பொருளைத் திருப்பி அனுப்பினால் இந்த வித்தியாசம் இன்னொரு முறை வேலை செய்யும். டாலரில் வசூலித்த கடை 40 டாலரைத் திருப்பித் தரும், அது ரூபாயாக மாறுவது பணம் திரும்பும் நாளின் விகிதத்தில். அன்று 84.20 என்றால் வருவது ₹3,368. பிடித்த மார்க்கப்பும் வரியும் எல்லா வங்கியிலும் திரும்பாது. ரூபாயில் வசூலித்த கடை பொதுவாக ₹3,599-ஐ அப்படியே தரும். நஷ்டம் அந்த 1 சதவீதக் கட்டணத்தோடு நிற்கும். அளவு சரியாக இருக்குமா என்ற சந்தேகத்தோடு செருப்போ சட்டையோ வாங்குபவர்களுக்கு, கூடுதல் விலையானாலும் ரூபாய்தான் தேவலை.