நிதி ஆவணத்துக்கு விலைப்புள்ளி: முப்பதாயிரம் சொற்கள் பாதியாகச் சுருங்கும் கணக்கு

நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் கடன் ஒப்பந்தங்களின் தமிழ் வடிவத்தைக் கையில் வைத்திருக்க விரும்பும் நிறுவனங்கள், தனியாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளர்களிடம் முகவர் நிறுவனங்கள் வழியாக விலைப்புள்ளி கேட்கும் காலம் இது. பொன்னமராவதி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்துள்ள வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது: ஆவணத்தில் 30,000 சொற்கள் இருக்க, முகவர் நிறுவனம் ஏறத்தாழ 16,000 சொற்களுக்கு மட்டுமே பணம் தர முன்வருவது எந்தக் கணக்கில் என்பதே அது.

இந்த வேலை பெருகியதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகளே முதன்மையான காரணம். 2022 மார்ச்சில் வெளியான நுண்கடன் வழிகாட்டு விதிகள், கடன் ஒப்பந்தம் கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தவணைக் கடன்களுக்கும், வட்டி, கட்டணம் முதலிய முக்கிய விவரங்களை அதே வகையில் கடனாளியின் மொழியில் தரும் அறிக்கையும் கட்டாயமாகிவிட்டது. அந்த அறிக்கையை விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று கடனாளியிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. ஆனால் ஒப்புதல் என்பது நடைமுறையில் ஒரு கையெழுத்துதான், புரிதலுக்கு அது சான்றாகாது. ஆங்கில வடிவமே செல்லும் என்ற வரியும் பல ஒப்பந்தங்களின் இறுதியில் இருப்பதால், கடனாளி படிக்கக்கூடிய தாளுக்குச் சட்டத்தின் முன் எடை குறைவு. அந்தத் தாள் பிழையின்றி இருக்க வேண்டிய பொறுப்பு இதனால் மொழிபெயர்ப்பாளர் மீதே விழுகிறது. அந்தப் பொறுப்புக்கு உரிய விலை விலைப்புள்ளியில் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

சொற்களை ஆங்கில மூலத்தில் எண்ண வேண்டும், தமிழில் அல்ல. 'அசலுடன் சேர்க்கப்படும்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் ஆறு சொற்கள் தேவைப்படும். வேற்றுமை உருபும் காலமும் செயப்பாட்டு வினையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும் மொழியில் முடிந்த பக்கத்தை எண்ணி விலை சொல்பவர், வேலையின் ஒரு பகுதியை இலவசமாகச் செய்கிறார்.

குழப்பத்தின் வேர் அடுத்த படியில் இருக்கிறது. டிரேடாஸ், மெமோக்யூ, ஒமேகா-டி போன்ற மென்பொருள்கள், ஒருமுறை மொழிபெயர்த்த ஒவ்வொரு வாக்கியத்தையும் மூலத்தோடு இணைத்துச் சேமித்து வைக்கின்றன. இந்தச் சேமிப்புக்கு மொழிபெயர்ப்பு நினைவகம் என்று பெயர். புதிய ஆவணம் வந்ததும் அதை நினைவகத்தோடு ஒப்பிட்டு, ஆவணத்துக்குள்ளேயே திரும்ப வருபவை, பழைய வாக்கியத்தோடு முழுமையாகப் பொருந்துபவை, பகுதியளவு பொருந்துபவை, முற்றிலும் புதியவை என்று மென்பொருள் சொற்களைப் பிரித்துத் தருகிறது. முகவர் நிறுவனம் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விழுக்காட்டை வைத்துப் பெருக்கிக் கூட்டும் தொகைதான் 'எடையிட்ட சொல் எண்ணிக்கை'.

கணக்கின் வசதிக்காகச் சொல்லுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30,000 சொற்களுக்கு முழு விலை 60,000 ரூபாய். அவற்றில் 8,000 சொற்கள் திரும்ப வருபவை, 4,000 முழுப் பொருத்தம், 6,000 பகுதிப் பொருத்தம், 12,000 புதியவை என்று அறிக்கை வருகிறது. முதல் இரண்டுக்கும் 10 விழுக்காடு, மூன்றாவதற்கு 50 விழுக்காடு என்று முகவர் நிறுவனம் சொன்னால், எடையிட்ட எண்ணிக்கை 16,200 ஆகவும் விலை 32,400 ரூபாயாகவும் இறங்கிவிடுகின்றன.

பொருத்தம் உள்ள இடத்தில் உழைப்பு குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். திரும்ப வரும் வாக்கியங்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை, ஏனெனில் அவற்றை முதல் இடத்தில் மொழிபெயர்த்தவரும் அதே ஆளே. ஆனால் மற்ற இரண்டும் வேறொருவர், வேறொரு காலத்தில் எழுதிவைத்தவை. மென்பொருள் ஒப்பிடுவதோ எழுத்தையும் சொல்லையும்தான், பொருளை அல்ல. பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட வாக்கியத்தில் ஒரு சொல் மாறினால் 90 விழுக்காட்டை ஒட்டிய பொருத்தம் என்று அது காட்டும். மாறிய அந்த ஒரு சொல்லில்தான் சட்டமே இருக்கக்கூடும்.

இதற்கு நடப்பு உதாரணம் உண்டு. தவணை தவறினால் வங்கிகளும் கடன் நிறுவனங்களும் விதிக்கும் தண்டத்தை வட்டி விகிதத்தோடு கூட்டி 'அபராத வட்டி'யாக வசூலிக்கக் கூடாது, தனியான 'அபராதக் கட்டண'மாகவே விதிக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மீது மேற்கொண்டு வட்டி கணக்கிடக் கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்பின் ஆங்கில ஒப்பந்தங்களில் ஒரு சொல் மாறியது. பழைய நினைவகங்களிலோ 'அபராத வட்டி' அப்படியே கிடக்கிறது. பாதி விலைக்கு ஒப்புக்கொண்டு வேகமாகப் பார்த்துச் செல்பவர் கண்ணில் அது படாமல் போனால், தடை செய்யப்பட்ட ஒரு வசூல் முறையை அனுமதிக்கும் தமிழ்த் தாள் கடனாளியின் கையில் சேர்ந்துவிடும். முழுப் பொருத்தமும் பாதுகாப்பானதல்ல, ஏனெனில் அங்கே ஆங்கிலம் மாறவில்லை என்பது மட்டுமே உறுதி. பழைய தமிழ் சரியாக இருந்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே விலை சொல்லும் முன் நினைவகக் கோப்பைக் கேட்டு வாங்கி, அதில் 'அபராத வட்டி' என்று தேடிப் பார்ப்பது நல்ல சோதனை. பொதுப் பரிமாற்ற வடிவமான `TMX` கோப்பில் வாக்கிய இணைகளோடு `creationdate` என்ற தேதி பெரும்பாலும் இருக்கும். 2023-க்கு முந்தைய தேதிகள் மிகுந்திருந்தால் அது தள்ளுபடிக்கான அடிப்படை ஆகாது, திருத்த வேலைக்கான அறிகுறியே ஆகும். அந்த நிலையில், திரும்ப வருபவற்றுக்கு 10 விழுக்காட்டை ஏற்று, முழுப் பொருத்தத்துக்கு 50, பகுதிப் பொருத்தத்துக்கு 80 விழுக்காடு என்று கேட்டால் எண்ணிக்கை 19,600 ஆகவும், விலை 39,200 ரூபாயாகவும் வரும். முகவர் நிறுவனம் இணங்காவிட்டால், முழுப் பொருத்த வாக்கியங்களைப் பூட்டி அனுப்பச் சொல்லி, அவற்றுக்குப் பணமும் வேண்டாம், பொறுப்பும் இல்லை என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம். படிக்க வேண்டும் என்றால் கூலி உண்டு. கூலி இல்லையென்றால் படிக்கும் கடமையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஏற்பாட்டை ஏற்கக் கூடாது.

மற்றக் கேள்விகளுக்கு விடை சுருக்கமானது.

அவசரத்துக்கு எவ்வளவு கூட்டுவது? நிதி ஆவணத்தில் நாளுக்கு 2,000 சொற்கள் என்பது நிதானமான அளவு. கேட்கும் கெடு அதைத் தாண்ட வைத்தால், தாண்டும் சொற்களுக்கு மட்டும் ஒன்றரை மடங்கு கேட்பது விளக்க எளிது.

துறைச்சொற்களுக்குத் தனி விலை உண்டா? சொல் விலையில் அதைக் கலக்காமல், சொற்பட்டியல் தயாரிக்கும் நேரத்தை மணிக் கணக்கில் தனி வரியாக எழுதி, வேலை தொடங்கும் முன்பே பட்டியலுக்கு ஒப்புதல் பெற வேண்டும்.

தவணை அட்டவணைகளை என்ன செய்வது? எண்களைச் சொல் கணக்கிலிருந்து நீக்கி, சரிபார்ப்பை மணிக் கணக்கில் சேர்க்கலாம்.

ஸ்கேன் செய்த கோப்பு வந்தால்? எண்ண முடியாததற்கு மொத்த விலை சொல்லக் கூடாது. சொல்லுக்கு இவ்வளவு என்று மட்டும் எழுத வேண்டும்.

பணம் எப்போது வரும்? உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் என்ற நிலையில், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி ஒப்பந்தக் காலம் எதுவானாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கலாம் என்பதால், பதிவு எண்ணை விலைப்புள்ளியிலேயே அச்சிட்டு அனுப்புவது நல்லது.